பாம்பா, எள்ளா? சிலேடை வெண்பாவைப் பிரித்துப் படிப்பது எப்படி

சிலேடைப் பாட்டு ஒன்றைப் புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் உரையைத்தான் முதலில் படிக்கிறார்கள். உரையில் எல்லாம் தெளிவாக இருக்கும். "அட, ஆமாம்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவார்கள். அந்த அடுத்த பாட்டுக்கு உரை இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடுவார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் இருந்தேன். உரை இல்லாமல் ஒரு சிலேடையைத் தானாகவே அவிழ்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு தாள், ஒரு பென்சில், கைக்கெட்டும் தூரத்தில் ஓர் அகராதி, இவ்வளவு போதும்.

காளமேகப் புலவரின் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 15ஆம் நூற்றாண்டுக்காரர். காரைக்காலுக்குப் பக்கத்தில் இருக்கும் திருமலைராயன்பட்டினத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறவர். அவர் பாட்டுகள் தனிப்பாடல் திரட்டுகள் வழியாக நம் கைக்கு வந்தவை. அதனால் பதிப்புக்குப் பதிப்பு ஒரு சொல், அரைச் சொல் மாறியிருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். பாட்டு இது:

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேஇரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் - ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே யோது.

முதல் வேலை: சீரை மறந்து சொல்லைப் பிரிப்பது

அச்சில் நீங்கள் பார்க்கும் இடைவெளிகள் சொல்லுக்கு விட்ட இடைவெளிகள் அல்ல. அவை சீருக்கு விட்டவை, அதாவது வெண்பாவின் தாளத்துக்கு வெட்டியவை. "ஆடும்போ தேஇரையும்" என்பதில் வெட்டு "போதே" என்ற சொல்லின் நடுவில் விழுந்திருக்கிறது. "பாம் பெள்ளெனவே யோது" என்பதைப் பார்த்தால் புதியவருக்கு ஒன்றுமே புரியாது. பாம்பு, எள், எனவே, ஓது என்று நான்கு சொற்கள் அதற்குள் இருக்கின்றன. பாம்பு என்பதன் கடைசி உகரம் எள்ளின் எகரம் வந்ததும் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆகவே பாட்டைத் தாளில் எழுதி, ஒவ்வொரு அடியின் கீழும் சொல் பிரித்து இன்னொரு வரி எழுதுங்கள்: ஆடிக் குடத்து அடையும். ஆடும்போதே இரையும். மூடித் திறக்கின் முகம் காட்டும். ஓடி மண்டை பற்றின் பரபர எனும். பாரில் பிண்ணாக்கும் உண்டாம். உற்றிடு பாம்பு எள் எனவே ஓது.

பிரிக்கும்போது சந்தேகம் வருகிற இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு மேலே போங்கள். இந்தப் பாட்டில் நான் வட்டம் போட்டது "பிண்ணாக்கு" என்ற சொல்லுக்கு. பாம்பு என்று சொல்லிவிட்டு நடுவில் பிண்ணாக்கு எதற்கு வந்தது? உறுத்துகிற இடத்தில்தான் சிலேடையின் முடிச்சு இருக்கும்.

அடுத்து: யார், யார் என்று கேட்பது

இந்த வகை வெண்பாவில் எந்த இரண்டு பொருளுக்கும் சிலேடை என்பதைப் புலவர் ஒளித்துவைப்பதில்லை. பெரும்பாலும் கடைசி அடியில் அவரே சொல்லிவிடுவார். இங்கே பாம்பும் எள்ளும். ஆகவே கடைசி அடியை முதலில் படியுங்கள். கதையின் முடிவை முதலில் படிப்பது போலத் தோன்றும், பரவாயில்லை. இந்தப் பாட்டில் சுவை முடிவில் இல்லை, வழியில் இருக்கிறது.

இப்போது தாளின் நடுவில் ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் பாம்பு என்றும் வலப்பக்கம் எள் என்றும் எழுதுங்கள். ஒவ்வொரு தொடரையும் இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

"ஆடிக் குடத்து அடையும்." பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுப் பாம்பாட்டியின் குடத்துக்குள் போய் அடங்கும். எள் செக்கில் ஆடி, அதாவது ஆட்டப்பட்டு, எண்ணெயாகிக் குடத்தில் சேரும். எண்ணெய் ஆட்டுவது என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அதே ஆட்டம்தான்.

"ஆடும்போதே இரையும்." இரைவது என்றால் சத்தம் போடுவது. பாம்பு ஆடும்போது சீறும். எள் ஆடும்போது செக்கு கரகரவென்று இரைச்சல் போடும்.

"மூடித் திறக்கின் முகம் காட்டும்." பாம்புக் குடத்தை மூடியிருந்து திறந்தால் பாம்பு தலையைத் தூக்கித் தன் முகத்தைக் காட்டும். எண்ணெய்க் குடத்தைத் திறந்து எட்டிப் பார்த்தால் நம் முகம் தெரியும். "முகம்" என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு அர்த்தம் இல்லை, கவனியுங்கள். யாருடைய முகம் என்பதுதான் மாறுகிறது. புலவர் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். சொல்லாமல் விடுவதும் சிலேடையில் ஒரு கருவி.

"ஓடி மண்டை பற்றின் பரபர எனும்." பாம்பு கடித்து விஷம் ஓடித் தலைக்கு ஏறினால் பரபரவென்று இருக்கும். நல்லெண்ணெயை மண்டையில் தேய்த்து அது ஊறிப் பிடித்தாலும் பரபரவென்று இருக்கும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் பழக்கம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது வட்டம் போட்ட சொல்லுக்கு வருவோம். எள் பக்கத்தில் பிண்ணாக்கு பிண்ணாக்குதான். எண்ணெய் எடுத்த பிறகு செக்கில் மிஞ்சும் சக்கை. பாம்பு பக்கத்தில் அந்தச் சொல்லை உடைக்க வேண்டும்: பிள் + நாக்கு. பிளவுபட்ட நாக்கு. ளகர மெய்யும் நகரமும் சேர்ந்தால் "ண்ண" ஆகும். முள் + நுனி முண்ணுனி ஆவது போல. ஆகவே பிண்ணாக்கு. இலக்கணம் கொஞ்சமும் வளையவில்லை. நான் முதன்முதலில் இதை உடைத்துப் பார்த்த அன்று, அந்தத் தாளை வீட்டில் இருந்த எல்லாரிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

உடையாத சொல், உடையும் சொல்

இந்த ஒரே பாட்டில் இரண்டு வகைச் சிலேடையும் வந்துவிட்டன. 12ஆம் நூற்றாண்டின் தண்டியலங்காரம் இவற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறது. சொல் உடையாமல் அப்படியே நின்று இரண்டு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை. ஒரு பொருளுக்கு ஒரு மாதிரியும் இன்னொரு பொருளுக்கு வேறு மாதிரியும் பிரித்தால் பிரிமொழிச் சிலேடை. "ஆடி" செம்மொழி. "பிண்ணாக்கு" பிரிமொழி.

செம்மொழிக்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு தண்டியலங்காரத்திலேயே வருகிறது. சூரியனையும் சோழனையும் ஒன்றாகப் பாடும் வெண்பா அது. "செங்கரங்களால் இரவு நீக்கும்" என்ற கருத்தோடு தொடங்கும். கரம் என்றால் கதிர், கை. இரவு என்றால் ராத்திரி. இரத்தல், அதாவது பிச்சை கேட்பது, என்ற பொருளும் உண்டு. சூரியன் செங்கதிர்களால் ராத்திரியைப் போக்குகிறான். அரசன் கொடுத்துச் சிவந்த கைகளால் இரப்பவர்களின் வறுமையைப் போக்குகிறான். ஓர் எழுத்தைக்கூட அசைக்க வேண்டியதில்லை.

பிரிமொழிக்கு, பத்தாம் வகுப்புப் பாடத்தில் தமிழையும் கடலையும் சேர்த்துப் பாடிய தமிழழகனார் பாட்டைப் படித்தவர்களுக்கு "மெத்த வணிகலமும்" நினைவிருக்கும். தமிழுக்கு "மெத்த அணிகலமும்" என்று பிரிக்க வேண்டும். கடலுக்கு "மெத்த வணிகலமும்" என்றே நிற்கும், வணிகம் செய்யும் கப்பல். இரண்டு உயிர் சேரும் இடத்தில் நடுவில் நுழைகிற வகரம் இருக்கிறதே, உடம்படுமெய் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தது, அதுதான் இங்கே வேலை செய்கிறது. காளமேகமும் பாம்புக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் பாடிய பாட்டில் "பெரியவிடமே சேரும்" என்று இதே கதவைத் திறக்கிறார். பாம்புக்குப் பெரிய விடம், நஞ்சு. எலுமிச்சைக்குப் பெரிய இடம். பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது கையில் எலுமிச்சம்பழம் கொண்டுபோகிறோமே, அந்தப் பெரிய இடம்.

ஆகவே ஒரு தொடர் ஒரு பக்கத்துக்குப் பொருந்தி இன்னொரு பக்கத்துக்கு ஒட்டவே இல்லையென்றால் முதலில் வகரத்தையும் யகரத்தையும் சந்தேகப்படுங்கள். அது சொல்லின் சொந்த எழுத்தா, இடையில் வந்து ஒட்டிக்கொண்டதா? அதன் பிறகு ண்ண, ன்ன, ட்ட, ற்ற போன்ற இரட்டைகளைப் பாருங்கள். இரண்டு சொல் மோதிக்கொண்ட தடம் அங்கே இருக்கலாம்.

இதிலிருந்து ஒரு சின்ன நடைமுறை விஷயம். பாட்டைத் தட்டச்சு செய்து யாருக்காவது அனுப்பும்போது உதவி செய்கிறேன் என்று "பெரிய இடமே சேரும்" எனப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். போட்ட நொடியில் பாம்பு செத்துவிடும். பழைய ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடும் வழக்கமில்லை, மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. அந்த எழுத்துமுறையில் பிறந்த விளையாட்டு இது. நம் இடைவெளிப் பட்டைதான் இதற்கு எதிரி.

அடிப்பது யார், அடிபடுவது யார்

சொல்லுக்கு அகராதியில் இரண்டு பொருள் இருந்தால் மட்டும் சிலேடை நின்றுவிடாது. தொடர் முழுவதும் இரண்டு பக்கமும் ஓட வேண்டும். தமிழில் இது சுலபமாக நடப்பதற்கு நம் வினைச்சொற்கள் காரணம். "அடையும், இரையும், காட்டும்" என்ற செய்யும் வடிவத்தை அவனுக்கும் அவளுக்கும் அதற்கும் அவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாம். எழுவாயைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். அதுவும் போக, "செய்யப்படும்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "செய்யும்" என்றே சொல்லிவிட்டுப் போகலாம். இந்த மூன்றும் ஒன்றுகூடி வேலை செய்வதை வைக்கோலுக்கும் யானைக்கும் காளமேகம் பாடிய வெண்பாவில் பார்க்கலாம்:

வாரிக் களத்தடிக்கும் வந்தபின்பு கோட்டைபுகும்
போரிற் சிறந்து பொலிவாகும்

யானை எதிரிகளைத் துதிக்கையால் வாரி, போர்க்களத்தில் அடிக்கும். வைக்கோலையோ நாம் வாரி, நெற்களத்தில் அடிக்கிறோம். ஒன்று அடிக்கிறது, இன்னொன்று அடிபடுகிறது. வினை மட்டும் அதேதான். "களத்து அடிக்கும்" என்பதில் வேற்றுமை உருபு மறைந்து நிற்பதால்தான் இது முடிகிறது. "களத்தில் வைக்கோலை அடிப்பார்கள்" என்று முழுசாகச் சொல்லியிருந்தால் யானை உள்ளே வர இடமே இருக்காது. "போர்" சுலபம்: சண்டை, வைக்கோற்போர்.

"கோட்டை புகும்" என்ற இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். யானை கோட்டைக்குள் போகும், சரி. வைக்கோல் எந்தக் கோட்டைக்குள் போகும்? அரண்மனைக் குதிரைகளுக்குத் தீனியாகப் போகும் என்று நானாக ஒரு விளக்கம் எழுதி வைத்துக்கொண்டேன். அதை ஒரு கூட்டத்தில் பேசவும் செய்தேன். யாரும் மறுத்துச் சொல்லவில்லை. பிறகு ஊருக்குப் போனபோது ஆச்சியிடம் பாட்டைச் சொல்லிக் காட்டினேன். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"ஏல, நெல்லுக் கோட்டை கட்டிப் பாத்ததில்லையா நீ? வைக்கல் பிரியைச் சுத்திச் சுத்திக் கட்டி, உள்ள வெதநெல்லைப் போட்டு வைப்பாவல்லா. அதுதாம்ல கோட்டை" என்றாள்.

விதைநெல்லைக் கெடாமல் வைப்பதற்கு வைக்கோலைப் பிரியாகத் திரித்துப் பந்து போலக் கட்டுகிற கட்டுக்கு நெற்கோட்டை என்று பெயர். களத்தில் அடிபட்டு வந்த பின்பு வைக்கோல் போய்ச் சேருகிற கோட்டை அது. "வந்தபின்பு" என்ற சொல்லுக்கும் அப்போதுதான் சரியான அர்த்தம் கிடைத்தது. என் குதிரைத் தீனி விளக்கத்தில் அந்தச் சொல் சும்மா கிடந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட சோதனை ஒன்று உண்டு. ஒரு பக்கத்தின் பொருளைச் சொல்ல, பாட்டில் இல்லாத ஒரு கதையை நீங்கள் சேர்க்க வேண்டியிருந்தால் (அரண்மனை, குதிரை, தீனி) அநேகமாக உங்கள் விளக்கம் தவறு. சரியான பொருள் பாட்டில் இருக்கிற சொற்களை வைத்தே நிற்கும், சும்மா கிடந்த சொல்லையும் எழுப்பிவிடும். அகராதியில் கடைசி எண்ணில் இருக்கிற பொருளைக்கூட விடாமல் பாருங்கள். வயல், செக்கு, மாட்டுத்தொழுவம், சமையல்கட்டு சம்பந்தப்பட்ட சொல்லானால் அகராதிக்கு முன்னால் வீட்டில் வயதானவர்களைக் கேளுங்கள். இந்தப் பாட்டுகளில் பாதி, கண்ணெதிரே இருந்து இப்போது காணாமல் போன பொருள்களின் மேல் கட்டப்பட்டவை.

அதிகமாகக் கண்டுபிடிக்கும் வியாதி

இரண்டு மூன்று பாட்டை அவிழ்த்த பிறகு எல்லாருக்கும் இது வரும். எந்தச் சொல்லைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரியும். பாம்புப் பாட்டிலேயே "இரையும்" என்பதை எடுத்துக்கொண்டு, "இரை + உம், பாம்பின் இரை, இதிலும் சிலேடை இருக்கிறது" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் தாளில் எழுதி ஓட்டிப் பாருங்கள். "ஆடும்போதே இரையும்" என்பதில் இரையைப் பெயராக எடுத்தால் அந்தத் தொடருக்கு வினையே இல்லை. இரையும் என்ன ஆகிறது? தொடர் தொங்குகிறது. ஆகவே அது சிலேடை அல்ல, ஒலி ஒற்றுமை மட்டுமே.

இதே உம்மை சரியாக வேலை செய்கிற இடமும் இருக்கிறது. தேங்காய்க்கும் நாய்க்கும் பாடிய பாட்டில் "ஓடும் இருக்கும்" என்று வரும். நாய் ஓடும், பிறகு ஓரிடத்தில் இருக்கும். தேங்காய்க்கு ஓடு + உம், ஓடும் அதற்கு உண்டு. முதல் பொருளில் இரண்டு வினை, இரண்டாவதில் ஒரு பெயரும் ஒரு வினையும். இரண்டிலும் வாக்கியம் முழுதாக முடிகிறது. "இரையும்" தோற்றதும் "ஓடும்" ஜெயித்ததும் இந்த ஒரு விஷயத்தில்தான்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே சொல் பாட்டில் இரண்டு மூன்று தடவை வந்து ஒவ்வொரு தடவையும் வேறு பொருள் தந்தால் அது மடக்கு. சிலேடையில் சொல் ஒரு தடவைதான் வரும். பொருள் இரண்டு வரும். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்றைக் கட்டிப் பார்ப்போம்

அவிழ்க்கத் தெரிந்தால் கட்டவும் கை துறுதுறுக்கும். கட்டும்போது வரிசை தலைகீழ். புதியவர்கள் செய்கிற முதல் தவறு, இரண்டு பொருளை முதலில் முடிவு செய்துவிட்டுச் சொல் தேடுவது. "காப்பிக்கும் காதலுக்கும் சிலேடை எழுதப்போகிறேன்" என்று உட்கார்ந்தால் மாலை வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சொல்லை முதலில் சேருங்கள். திரை, வலை, இதழ், மாலை, படி, தாள், கரை, அணி, ஆறு என்று இருபது முப்பது இருபொருட் சொற்களை எழுதிவைத்துவிட்டு, எந்தச் சொற்கள் ஒரே ஜோடியைக் காட்டுகின்றன என்று பாருங்கள். திரை என்றால் அலை, கணினித் திரை. வலை என்றால் மீன்வலை, இணைய வலை. கரை என்றால் கடற்கரை, முடிவு. மூன்றும் கடலையும் கைப்பேசியையும் காட்டின. ஜோடி தானாக வந்துவிட்டது. குறைந்தது மூன்று சொற்கள் ஒரே பக்கம் கைகாட்டாமல் எழுதத் தொடங்காதீர்கள்.

வெண்பாவின் தளை விதியைச் சுருக்கமாகச் சொன்னால், மாச்சீருக்குப் பின் நிரையசை வரவேண்டும், விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் பின் நேரசை வரவேண்டும். கனிச்சீர் கூடாது. ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக முடிய வேண்டும். நான் முதலில் எழுதிய அடி "அலையால் ஒலிக்கும் அகல்திரை காட்டும்". தளை சரி. மோனையும் இருக்கிறது. ஆனால் கடல் பக்கத்தில் அலை என்றாலும் திரை என்றாலும் ஒன்றுதான். சொன்னதையே சொல்லியிருக்கிறேன். கைப்பேசிப் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு எழுதினால் இப்படித்தான் ஆகும். எழுதி முடித்ததும் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக உரைநடையில் எழுதிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். திருத்திய பிறகு இப்படி வந்தது:

அலையும் திரைகாட்டும் நித்தம் அழைக்கும்
வலையிலே கிட்டும் வளங்கள் - நிலைமறந்து
பார்ப்போரை ஈர்த்திடும் ஆழ்ந்தோர் கரைகாணார்
கார்க்கடலும் கைப்பேசி யும்.

கடல் அலைகிற அலைகளைக் காட்டும். வலை போட்டால் வளம் கிடைக்கும். மூழ்கியவர்கள் கரை சேரமாட்டார்கள். கைப்பேசி ஓயாமல் நகரும் திரையைக் காட்டும். இணையத்தில் எல்லாம் கிடைக்கும். அதில் ஆழ்ந்துபோனவர்களுக்கு முடிவே கிடையாது. எதுகையும் இருக்கிறது: அலை, வலை, நிலை, பார், கார். கடைசியில் "யும்" தனியே நின்று நாள் என்ற வாய்பாட்டில் முடிகிறது. வைக்கோல் பாட்டின் கடைசியில் "மால்யானை யாம்" என்று நிற்பது போல.

இப்போது பென்சிலை எடுத்து என் பாட்டையே அடிக்கிறேன். "நிலைமறந்து பார்ப்போரை ஈர்த்திடும்" சிலேடையே அல்ல. ஒரே பொருள் இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிறது, அவ்வளவுதான். அது உவமை செய்கிற வேலை. காளமேகத்திடமும் "ஆடும்போதே இரையும்" என்பது கிட்டத்தட்ட இப்படிப்பட்ட இடம்தான். ஆனால் அதை "ஆடி"க்கும் "பிண்ணாக்கு"க்கும் நடுவில் வைத்திருப்பதால் நாம் கவனிப்பதில்லை. நாலு தொடரில் ஒன்று இப்படி இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டுக்கு மேல் போனால் பாட்டு நீர்த்துவிடும். எனக்கு ஏற்கெனவே இரண்டாகிவிட்டது, ஏனென்றால் "நித்தம் அழைக்கும்" என்பதும் அதே ரகம். கைப்பேசி அழைப்பது நிஜம். கடல் அழைக்கிறது என்பது நானாகச் சொல்லிக்கொள்வது. மேலே சொன்ன சோதனையை வைத்துப் பார்த்தால், கதை சேர்க்க வேண்டியிருக்கிறது. பிரிமொழி ஒன்றுகூட இல்லை என்பது அதைவிடப் பெரிய குறை.

அந்த இடத்துக்கு வேண்டியது இரண்டு சீர். முதல் சீர் நேரசையில் தொடங்க வேண்டும், இரண்டாவது மாச்சீராக முடிய வேண்டும், அப்போதுதான் அடுத்த அடியின் "வலை" தளை தட்டாமல் உட்காரும். உப்பு, மீன், முத்து, உறை, மணி என்று எல்லாவற்றையும் உடைத்துப் பார்த்துவிட்டேன். கடலுக்குப் பொருந்துவது கைப்பேசிக்கு நழுவுகிறது. தாளில் அந்த இரண்டு சீரைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.